வெறும் வயிற்றில் கோப்பி, படுக்கும் முன் சோறு

(பொன்விழாவையொட்டிக் கெப்பாலா பத்தாஸில் நடைபெற்ற குடும்பச் சுகாதாரக் கூட்டத்தில், சங்கத்தின் சுகாதாரப் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அந்தச் சொல் ‘கேஸ்ட்ரிக்’. நெஞ்சு எரிந்தாலும் கேஸ்ட்ரிக், குமட்டினாலும் கேஸ்ட்ரிக், வயிறு ஊதினாலும் கேஸ்ட்ரிக். முன்பெல்லாம் வேலை மும்முரத்தில் பசியாறாமல் விட்டவர்கள் இதைச் சொன்னார்கள். இப்போது வேண்டுமென்றே சாப்பிடாமல் இருப்பவர்களும் சொல்கிறார்கள். பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் முறையை நம் பிள்ளைகள் பலர் பின்பற்றுகிறார்கள். உடம்பு இளைக்கும், இனிப்பு நீர் வராது என்று நம்பித்தான் தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் புளியேப்பம், காலைக் குமட்டல், மலச்சிக்கல் என்று வந்து நிற்கிறார்கள்.

இதைக் கேட்டதும் பெரியவர்கள் சரியான கேள்வி ஒன்றைக் கேட்கிறார்கள். “நாம் வருஷா வருஷம் ரமலானில் ஒரு மாதம் நோன்பு வைக்கிறோமே, அப்போது இந்தத் தொல்லை வருவதில்லையே?” என்கிறார்கள். நம் நாட்டில் நோன்பு நேரம் ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம். பதினாறுக்கும் அதற்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். 2016-இல் வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வு, நெஞ்செரிச்சல் நோய் உள்ளவர்களைக் கவனித்தது. அவர்களில் நோன்பு நோற்றவர்களுக்கு ரமலானில் தொல்லை கூடவில்லை, மற்ற மாதங்களைவிடக் குறைந்தே இருந்தது. அப்படியானால் குற்றம் பசித்திருக்கும் மணிக்கணக்கில் மட்டும் இல்லை. வெறும் வயிற்றில் எதை ஊற்றுகிறோம், பசியை எதைக் கொண்டு எந்த நேரத்தில் முடிக்கிறோம் என்பதில்தான் பெரும்பங்கு இருக்கிறது. இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

ஒருவருடைய ஒரு நாளை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். இவர் ஒரு குறிப்பிட்ட ஆள் அல்ல. நம்மில் பலரிடம் கேட்டதை ஒரே நாளாகக் கோத்துச் சொல்கிறோம். வயது நாற்பதுக்குள். வீடு இங்கே கெப்பாலா பத்தாஸில், வேலை பினாங்குத் தீவில். ஸுப்ஹு தொழுதுவிட்டு, நெரிசலுக்கு முன்னால் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்று ஏழு மணிக்கெல்லாம் காரை எடுத்துவிடுகிறார். பசியாறுவது கிடையாது. வேலையிடத்தில் ஏழே முக்காலுக்குச் சீனி இல்லாத கோப்பி ஓ. பத்து மணிக்கு இன்னொரு கோப்பி. பதினொரு மணிக்குத் தலைவலி, அதற்கு ஒரு வலி மாத்திரை. முதல் சாப்பாடு மதியம் இரண்டு மணிக்கு, அதுவும் அவசரமாக ஒரு மீ கோரேங். மாலை மறுபடி நெரிசல். வீடு வந்து, குளித்து, தொழுது, இரவு ஒன்பதரைக்கு நாசி கண்டார். எல்லாக் குழம்பும் கலந்து, பொரித்த கோழியும் ஆட்டிறைச்சியும் வைத்து, முழுத் தட்டு. பத்து மணிக்குக் கையைக் கழுவிவிட்டு, பதினொரு மணிக்குப் படுக்கை. பத்திலிருந்து மறுநாள் இரண்டு வரை பதினாறு மணி நேரம். கணக்கு மிகச் சரி. ஆனால் வயிறு கணக்குப் பார்ப்பதில்லை.

முதலில் காலையைப் பார்ப்போம். நாம் சாப்பிடாத வேளையிலும் இரைப்பை கொஞ்சம் அமிலத்தைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. சோறோ ரொட்டியோ உள்ளே போனால் அமிலம் அதோடு கலந்து வீரியம் குறைகிறது. உணவு இல்லாவிட்டால் அது அப்படியே நிற்கிறது. சுரப்பு தானே மெதுவாக நடக்கும்வரை பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கோப்பி அந்தச் சுரப்பைத் தூண்டிவிடுகிறது. அமிலம் கூடுகிறது, கலப்பதற்கு உணவு இல்லை. அதனால்தான் பத்து, பதினொரு மணிக்கு நெஞ்சுக்குழியில் எரிச்சலும் வாயில் நீர் ஊறிக் குமட்டலும் வருகின்றன. புகைக்கிற பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவே வாய்ப்பூட்டுப்போல ஒரு தசை வளையம் இருக்கிறது. புகை அதைத் தளர்த்திவிடும்.

அந்தத் தலைவலி மாத்திரையை நாம் யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பாராசிட்டமால் என்றால் வயிற்றுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் ஐபுபுரோபன், டைகுளோஃபெனாக், மெஃபினாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்பூச்சைப் பாதுகாக்கும் சுரப்பையே குறைக்கின்றன. சாப்பிடாமல் இருந்தால் புண் வந்துவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இரைப்பைப் புண்ணுக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று இந்த வகை மாத்திரைகள். மற்றொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடையே இந்தக் கிருமி அதிகமாகக் காணப்படுகிறது. சாப்பிடாமல் இருப்பது இந்தக் கிருமியைக் கொண்டுவருவதில்லை, ஆனால் ஏற்கெனவே இருக்கும் புண்ணின் வலியை அது வெளிப்படுத்தலாம். ஆகவே பல வாரமாகத் தொல்லை தொடர்கிறவர்கள், “நான் நேரத்துக்குச் சாப்பிடாததால்தான்” என்று தாங்களே முடிவு செய்துவிடாமல், மருத்துவரிடம் இந்தக் கிருமிக்கான சோதனையைக் கேட்க வேண்டும். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையும் உண்டு, குழாய் விடாமலே தெரிந்துகொள்ளலாம்.

இனி இரவுக்கு வருவோம். பகலெல்லாம் காய்ந்த வயிறு ஒரே வேளையில் இரண்டு வேளைச் சாப்பாட்டைக் கேட்கும். நாமும் கொடுத்துவிடுகிறோம். கெட்டியான உணவு இரைப்பையை விட்டு இறங்க நான்கு மணி நேரம்வரை ஆகும். கொழுப்பு அதிகமானால் இன்னும் தாமதமாகும், ஏனென்றால் சிறுகுடல் கொழுப்பைக் கண்டதும் இரைப்பையை மெதுவாகப் போகச் சொல்கிறது. பத்து மணிக்கு முடித்த நாசி கண்டார் பதினொரு மணிக்கு நாம் படுக்கும்போது அநேகமாக முழுவதும் உள்ளேயே இருக்கிறது. வயிறு உப்பியிருந்தால் அந்தத் தசை வளையம் அடிக்கடி திறக்கும். நிற்கும்போதோ உட்காரும்போதோ அமிலம் கீழேயே நிற்கும். படுத்தால் தடை இல்லாமல் மேலே வரும். நடுஇரவில் தொண்டையில் புளிப்பு, வறட்டு இருமல், காலையில் கரகரத்த குரல், பசியே இல்லாத குமட்டல் எல்லாம் இப்படி வருபவை. அந்தக் குமட்டலால்தான் இவருக்குக் காலையில் பசியாறவே மனம் வருவதில்லை. “எனக்குக் காலையில் பசிப்பதே இல்லை, அதனால் இந்த முறை எனக்குப் பொருந்துகிறது” என்று சொல்பவர்கள் முந்தைய இரவின் தட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மலச்சிக்கல். இதைச் சபையில் பேசக் கூச்சப்படுகிறோம். அதனாலேயே பலர் வருடக்கணக்கில் சுமந்துகொண்டிருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவதும், கல்போல் இறுகி முக்கிப் போவதும் மலச்சிக்கல்தான். காலையில் எழுந்து உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசைந்து கொடுக்கும். பசியாறி முடிந்து அரை மணி நேரத்துக்குள் கழிப்பறைக்குப் போகத் தோன்றுவது அதனால்தான். பசியாறாதவருக்கு அந்த அழைப்பு பலவீனமாக வருகிறது. வந்தாலும் அவர் அப்போது பாலத்தின் மேல் காரில் இருக்கிறார். அடக்கி அடக்கிப் பழகிய குடல் பிறகு அழைப்பதையே குறைத்துக்கொள்கிறது.

இதோடு நார்ச்சத்தும் தண்ணீரும் குறைகின்றன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் நார் வேண்டும். ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. நூறு கிராம் கொய்யாவில் ஐந்து கிராம் இருக்கிறது. மூன்று வேளை சாப்பிடுகிறவருக்கே இதைச் சேர்ப்பது சிரமம் என்றால், மீ கோரேங்கும் நாசி கண்டாரும் மட்டுமே சாப்பிடுகிறவருக்கு எங்கிருந்து கிடைக்கும்? நம் உடம்புக்குப் போகும் தண்ணீரில் ஒரு நல்ல பங்கு உணவின் வழியாகத்தான் வருகிறது. ஒரு வேளை உணவு குறைந்தால் அந்த நீரும் குறைகிறது. குறைந்ததைத் தனியாகக் குடித்து ஈடுசெய்ய வேண்டும், ஆனால் வேலை மும்முரத்தில் அதையும் மறந்துவிடுகிறோம். சிலருக்குக் கோப்பி குடித்ததும் வயிறு இளகும் என்பது உண்மை. ஆனால் நாரும் நீரும் இல்லாத குடலில் கோப்பி எதைத் தள்ளும்?

இப்போது ரமலானை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸஹரில் விடியுமுன் எழுந்து சாப்பிடுகிறோம், தண்ணீரும் குடிக்கிறோம். பகலில் கோப்பி இல்லை, தேநீர் இல்லை, புகை இல்லை. வெறும் வயிற்றை எதுவும் தூண்டவில்லை. மஃரிபில் பேரீச்சம்பழமும் தண்ணீரும். அதன்பின் நோன்புக் கஞ்சி. ஜார்ஜ் டவுன் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் காய்ச்சினாலும் நம் வட்டாரப் பள்ளிவாசலில் காய்ச்சினாலும் அது குழைந்த அரிசி, எளிதில் இறங்கும் உணவு. பிறகு இஷாவும் தராவீஹும் தொழுகிறோம். சாப்பிட்டவுடன் படுக்கை இல்லை. தினமும் ஒரே நேரம் என்பதால் உடம்பும் சில நாளில் பழகிக்கொள்கிறது. ரமலான் சந்தையில் வாங்கிய பொரித்ததையும் சீனித் தண்ணீரையும் வயிறு முட்ட ஏற்றிவிட்டு, ஸஹரையும் விட்டுவிடுகிறவருக்கு ரமலானிலும் இதே நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் வரத்தான் செய்கின்றன. வழக்கம் மாறினால் விளைவும் மாறும் என்பதற்கு அதுவே சாட்சி.

உடம்பு இளைக்கப் பதினாறு மணி நேரம் அவசியமா என்றும் கேட்கிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருத்த 139 பேரை ஓராண்டு வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. எல்லோரும் ஒரே அளவு உணவைக் குறைத்தார்கள். அவர்களில் ஒரு பாதியினர் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் சாப்பிட்டார்கள். இரு சாராருக்கும் இறங்கிய எடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எடையை இறக்கியது குறைத்த உணவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்களுடைய எட்டு மணி நேரம் காலையில் தொடங்கி மாலையில் முடிந்தது. நம் பிள்ளைகளுடையது மதியம் தொடங்கி இரவு பத்து மணிக்கு முடிகிறது. பெயர் ஒன்று, வயிற்றுக்கு நடப்பது வேறு.

அப்படியானால் நாம் சொன்ன அந்தத் தம்பி என்ன செய்யலாம்? இரவுச் சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளுவதுதான் முதல் வேலை. மஃரிப் தொழுதவுடன், எட்டு மணிக்குள் முடித்துவிட்டால், பதினொரு மணிப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும். நடுவே இஷா. நெரிசலில் மாட்டுகிற நாளில் வேலையிடத்திலேயே ஆறு மணிக்கு ஒரு பழமும் இரண்டு ரொட்டித் துண்டும் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் சூப்போடு சிறிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம். நாசி கண்டாரை விட வேண்டும் என்று பினாங்குக்காரர்களிடம் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. அதை மதியத்துக்கு மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறோம். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ கணக்கில் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும் இருக்கட்டும்.

அடுத்து காலை. இரவு எட்டுக்கு முடித்தவர் காலை எட்டுக்குப் பசியாறினால் பன்னிரண்டு மணி நேரம் வயிறு ஓய்ந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இது போதும். எழுந்ததும் இரண்டு குவளைத் தண்ணீர். பிறகு இரண்டு இட்டிலியோ, அவித்த முட்டையும் முழுக்கோதுமை ரொட்டியும், அல்லது ஓட்ஸ் கஞ்சியோ, ஏதாவது சிறிதளவு. கோப்பி அதற்குப் பிறகுதான். வீட்டை விட்டுப் பதினைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலும் பரவாயில்லை, பசியாறியபின் கழிப்பறையில் பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்கார வேண்டும். உட்காரும் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சிறிய முக்காலி போட்டு முழங்கால் உயர்ந்திருந்தால் முக்க வேண்டிய தேவை குறையும். நாரை ஒரே நாளில் ஏற்றினால் வயிறு ஊதும். முதல் வாரம் ஒரு கொய்யா அல்லது பப்பாளி, இரண்டாம் வாரம் கீரை அல்லது உலாம் என்று கூட்டுங்கள். இசப்கோல் எடுக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் முழுக் குவளைத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். காலைக் குமட்டல் சில நாளில் தணியும். குடலின் பழக்கம் திரும்ப இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆகவே மூன்றாம் நாளே பலனில்லை என்று கைவிட வேண்டாம்.

மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒமிப்ரசோல் வகை மாத்திரையை உணவுக்கு முப்பது நிமிடம் முன்னால் எடுக்க வேண்டும், அதைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். உணவு வரும்போது விழித்தெழும் அமிலச் சுரப்பிகளைத்தான் அது அடைக்கிறது. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு இரண்டு மணி வரை சாப்பிடாதவருக்கு அதன் பலனில் பெரும்பகுதி வீண். அமிலம் தணிக்கும் மருந்துகளில் அலுமினியமும் கால்சியமும் உள்ளவை மலத்தை இறுக்கும். நெஞ்செரிச்சலுக்கு அதையே தினமும் மென்றுகொண்டு, மலச்சிக்கலுக்கு வேறு மருந்து தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இந்தப் பதினாறு மணிக் கணக்கைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது. கிளிக்கலாசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தவிர்த்தால் இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், குமட்டல் வரும், கார் ஓட்டும்போது மயக்கமும் வரலாம். அதைக் கேஸ்ட்ரிக் என்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் எடுத்தாலும் குமட்டும், அதை உணவோடு எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்த முறை வேண்டாம்.

எது நம் பழக்கத்தால் வந்தது, எது நோய் என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஏழு நாளுக்கு ஒரு தாளில் சாப்பிட்ட நேரம், கோப்பி குடித்த நேரம், தொல்லை வந்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். வெறும் வயிற்றில் வந்து உணவு பட்டதும் அடங்குகிறதா, சாப்பிட்டுப் படுத்தபின் வருகிறதா, கொழுப்பு சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறதா என்று அதிலேயே தெரியும். கடைசியாகச் சொன்னது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் பித்தம் தேங்கும், வேகமாக இளைப்பவர்களுக்குக் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும். அந்தத் தாளோடு மருத்துவரிடம் போனால் அவருக்கும் வேலை பாதியாகும்.

ஆனால் சிலவற்றுக்கு ஏழு நாள் காத்திருக்கக் கூடாது. மலம் தார்போல் கறுத்துப் போவது, வாந்தியில் இரத்தம், விழுங்கும்போது அடைப்பது, முயலாமலே எடை குறைவது, மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வந்த தொல்லை ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும், அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. நெஞ்சின் நடுவே இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் அது இதயமாக இருக்கலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி அதிகம் இல்லாமல் குமட்டலும் களைப்பும் மட்டும்கூட வரலாம். “கேஸ்ட்ரிக்தான், வெள்ளை மருந்து குடித்தால் சரியாகும்” என்று வீட்டில் யாரும் படுக்கவைக்கக் கூடாது. 999-ஐ அழையுங்கள். அவரே கார் ஓட்டிக்கொண்டு போகவும் விடாதீர்கள். பிறகு அது வெறும் கேஸ்ட்ரிக் என்று தெரிந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு ஒன்பதரைக்கு வரும் பிள்ளைக்குப் பாசத்தோடு இன்னொரு அகப்பை சோறு போடுகிறீர்கள். அந்தச் சோற்றில் பாதியை மறுநாள் காலையில் இட்டிலியாக மாற்றி, ஒரு டப்பாவில் கொடுத்து அனுப்புங்கள். பாசம் குறையாது, அவருடைய வயிறும் பிழைக்கும்.

 கேள்விகள் இருந்தால் தேநீர் வேளையில் பேசுவோம். தேநீரோடு ரொட்டியும் வைத்திருக்கிறார்கள், முதலில் ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.